வீட்டில் தெரிந்த கணக்கு தேர்வறையில் மறந்துபோகிறது

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். வீட்டில் பழைய வினாத்தாளைக் கொடுத்தால் நேரத்துக்குள் முடித்துவிடுகிறாள். தேர்வறையில் கணக்குத் தாளைக் கையில் வாங்கியதும் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, முதல் பத்து நிமிடம் எதுவுமே ஞாபகம் வருவதில்லையாம். அரையாண்டிலும் முதல் திருப்புதல் தேர்விலும் இப்படித்தான். மற்ற பாடங்களில் இல்லை. வெளியே வந்ததும் விடையெல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதற்குத்தான் அதிகம் அழுகிறாள்.

முதலில் ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னேன், அது என் தவறு. வேகவேகமாக இழுத்ததில் தலைசுற்றியது. இப்போது நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுகிறாள், தினமும் இருவேளை, ஐந்து நிமிடம். படபடப்பு தணிகிறது, மறதி போகவில்லை. தெரிந்த கேள்வியில் தொடங்கச் சொன்னோம். முதல் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை என்கிறாள். தேர்வுக்கு முன் பயத்தையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்தாள், கொஞ்சம் பாரம் குறைந்தது என்றாள்.

தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கின்றன. அவை கெட்டால் மனநல ஆலோசகரிடம் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டில் எழுதும்போது அவளுக்குப் பயமே வருவதில்லை. அதனால் பயத்தோடு எழுதிப் பழகவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. புது இடம், தெரியாத கண்காணிப்பாளர், முன்பின் பார்க்காத தாள் என்று படிப்படியாகக் கூட்டிப் பழக்க நினைக்கிறேன்.

இப்படிப் பழக்கியவர்கள் எந்தப் படியில் தொடங்கினீர்கள், அடுத்த படிக்குப் போகலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?