நாத்தனார் வீட்டுக்காரருக்கு ‘மாமா’ என்று வாழ்த்து போட்டுவிட்டேன்

தஞ்சாவூர் மருமகள்
கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் என் கணவரின் அக்கா வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். குடும்ப வாட்ஸப் குழுவில் “மாமாவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்” என்று போட்டேன். என் கணவர் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார், நானும் அதையே எழுதிவிட்டேன். அவர் நன்றி சொன்னார். சாயங்காலம் அடுக்களையில் மாமியார் மெதுவாகச் சொன்னார்: “அவர் உனக்கு அண்ணன் முறைம்மா.” எனக்கு முகம் சுருங்கிப்போனது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோவை தம்பி
ரொம்ப யோசிக்காதீங்க. வயசுல மூத்த ஆம்பளைன்னா அண்ணா, பொம்பளைன்னா அக்கா. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

தேனிக்காரன்
தம்பி, தெருவில் பழகுபவர்களுக்கு அது சரி. சொந்தத்துக்குள் சரிவராது. எங்கள் தாய்மாமா மகள் என்னைவிட மூன்று வயது மூத்தவர். சென்னையில் படித்த காலத்தில் “அன்பு அக்காவுக்கு” என்று அவருக்கு வாழ்த்து எழுதினேன். பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மாமன் மக எப்படிடா அக்காவாவா? மதினின்னு எழுது” என்றார். பெரியப்பா மகள்தான் அக்கா, மாமா மகள் மதினி. எங்கள் பக்கம் இன்றும் அப்படித்தான்.

திண்டுக்கல் பெரியம்மா
தஞ்சாவூர் மகளே, உன் கணவர் கூப்பிடுவதை அப்படியே எடுத்துக்கொண்டதில்தான் பிசகு. அவருடைய முறை வேறு, உன் முறை வேறு. நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிடும் என்று பார். நாத்தனார் வீட்டுக்காரரை அது மாமா என்னும். உன் கூடப்பிறந்த அண்ணனையும் மாமா என்றுதான் சொல்லும். ஆக, இருவரும் உனக்கு ஒரே இடம், அண்ணன். நாத்தனார் பிள்ளைக்கு அத்தை, உன் அண்ணன் மனைவியும் அத்தை. அதனால் மூத்த நாத்தனாரை அண்ணி என்கிறோம். ஓரகத்தி பிள்ளைக்குப் பெரியம்மா, அப்படியென்றால் உனக்கு அக்கா.

நானும் தவறியவள்தான். 1983-ல் மூத்த ஓரகத்திக்கு “அன்புள்ள அண்ணிக்கு” என்று அட்டை போட்டேன். “அன்புத் தங்கைக்கு” என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லில் எனக்குப் புரிந்துவிட்டது. அவரை இன்றுவரை அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை
எங்கட வீட்டில அப்பான்ர தங்கச்சியும் மாமிதான், அம்மான்ர தம்பி மனுசியும் மாமிதான். அத்தை எண்டு நாங்கள் கூப்பிடுறேல்ல. சென்னைப் பெண் ஒருத்தி எங்கட குடும்பத்துக்கு மருமகளா வந்தவ. நான் குழுவில “மாமிக்கு வாழ்த்துகள்” எண்டு போட, உனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லையே, எப்பிடி மாமியார் எண்டு என்னட்டக் கேட்டவ. அப்பான்ர தங்கச்சி எண்டு விளங்கப்படுத்தவேண்டி வந்தது.

ஓசூர் வாசகர்
என் கேள்வி கொஞ்சம் வேறு. அப்பாவின் நெருங்கிய நண்பருக்கு 60 வயது ஆகிறது. சின்ன வயதிலிருந்து அங்கிள் என்றே கூப்பிட்டுவிட்டேன். வாழ்த்து அட்டையில் தமிழில் எழுத ஆசை. அப்பாவுக்குத் தம்பி மாதிரி என்பதால் சித்தப்பா என்று எழுதலாமா?

திண்டுக்கல் பெரியம்மா
உங்கள் அம்மா அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?

ஓசூர் வாசகர்
அண்ணா என்பார்.

திண்டுக்கல் பெரியம்மா
அப்படியென்றால் உங்களுக்கு மாமா. அப்பாவின் நண்பரைப் பல வீடுகளில் மாமா என்பது இப்படி வந்ததுதான். அவர் மனைவி அத்தை. அவரை உங்கள் அம்மா அக்கா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் மட்டும் கொஞ்சம் இடிக்கும். அப்போது அந்தம்மாவையே கேட்டுவிடுங்கள்.

ஓசூர் வாசகர்
அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

தஞ்சாவூர் மருமகள்
எல்லோருக்கும் நன்றி. மறுநாளே அவருக்குத் தனியாக, “அண்ணா, நேற்று முறை மாறி எழுதிவிட்டேன். நீங்கள் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும்” என்று அனுப்பினேன். “அதனாலென்ன தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க” என்று பதில் வந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கார்த்திகையில் கணவரின் அண்ணனுக்குப் பிறந்தநாள். பிள்ளைக்கு அவர் பெரியப்பா. பெரியம்மா சொன்ன கணக்கில் அவர் அண்ணன் ஆக மாட்டார் அல்லவா?

திண்டுக்கல் பெரியம்மா
ஆக மாட்டார். உன் அக்கா வீட்டுக்காரரும் பிள்ளைக்குப் பெரியப்பாதான், அவரை அத்தான் என்போம். அந்தக் கணக்கில் இவரும் அத்தான்.

தேனிக்காரன்
என் மனைவி என் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

மயிலாப்பூர் மன்னி
எங்காத்துல ஆத்துக்காரரோட அண்ணாவை அண்ணான்னுதான் கூப்பிடறோம். நாலு தலைமுறையா அப்படித்தான்.

தஞ்சாவூர் மருமகள்
ஓரகத்தி அக்காவிடம் கேட்கலாம் என்றால், அவர்தான் இந்த வீட்டுக்கு முதல் மருமகள். கார்த்திகைக்கு முன் மாமியாரிடமே கேட்டுவிடுகிறேன்.