இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்: லேபில் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

லேப் டீச்சர்

மூன்றாம் செமஸ்டர் பிள்ளைகளுக்கு லேப் நடத்துகிறேன். இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

10 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட். சாதாரண ஆர்சி லோ-பாஸ். முதலில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை ஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். நிஜ இம்பல்ஸ் எந்த ஜெனரேட்டரிலும் வராது என்பதால், 5 வோல்ட்டில் 0.1 மில்லி செகண்ட் பல்ஸ் ஒன்று கொடுத்தோம். சர்க்யூட்டின் டைம் கான்ஸ்டன்ட் 10 மில்லி செகண்ட், அதோடு ஒப்பிட்டால் இந்த பல்ஸ் கண் சிமிட்டும் நேரம்தான். அவுட்புட் 50 மில்லிவோல்ட்டுக்கு எகிறி, அங்கிருந்து மெல்ல இறங்கி, 10 மில்லி செகண்டில் 18-க்கு வந்தது. பல்ஸின் பரப்பு 0.0005 வோல்ட்-செகண்ட். 50 மில்லிவோல்ட்டை அதால் வகுத்தால் 100. ஆக `h(t) = 100 e^(-100t)`. லாப்லாஸ் எடுத்தால் `H(s) = 100/(s+100)`. இதுவரை எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்து அதே மாதிரி இன்னொரு ஆர்சியை முதலாவதன் பின்னால் மாட்டச் சொன்னேன். கன்வல்யூஷன் தியரப்படி டைம் டொமைனின் கன்வல்யூஷன் லாப்லாஸில் பெருக்கலாக மாறும், அதனால் மொத்தம் `H(s)·H(s)` என்று நோட்டில் எழுதிவிட்டார்கள். 15.9 ஹெர்ட்ஸில் ஒரு கட்டம் 0.707 மடங்கு, இரண்டு கட்டம் 0.5 மடங்கு. 3 வோல்ட் பீக் சைன் கொடுத்தால் 1.5 வர வேண்டும். வந்தது 1.0. பெஞ்ச் மாற்றினாலும் அதே 1.0தான். ஒரு பையன் "மேடம், தியரம் தப்பா?" என்று கேட்டுவிட்டான்.

கரண்ட்காரன்

தியரம் எல்லாம் பேப்பருக்குத்தான் மேடம். ஐடியல் பார்ட்ஸுக்கு எழுதினது. நிஜ கெபாசிட்டரில் 20 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கும், அதில் லீக்கேஜ் வேறு. எல்லாம் சேர்ந்து 1.0 ஆகிவிட்டது. சர்வீஸ் வேலையில் இதெல்லாம் தினமும் பார்ப்பதுதான்.

ஓய்வுபெற்ற கன்ட்ரோல் இன்ஜினியர்

தம்பி, பார்ட்ஸில் வித்தியாசம் இருக்கும் என்பது சரி. ஆனால் அந்த வித்தியாசம் பெஞ்சுக்குப் பெஞ்ச் மாறும். எல்லா பெஞ்சிலும் ஒரே 1.0 வந்தால் அது பார்ட்ஸின் குணம் இல்லை, சர்க்யூட்டின் குணம்.

தியரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் முதல் கட்டத்தின் `h(t)`-ஐ எப்போது அளந்தார்கள்? அதன் பின்னால் எதுவும் தொங்காதபோது. இரண்டாவதை மாட்டியதும் அது முதல் கெபாசிட்டரிலிருந்து கரண்ட் இழுக்கிறது. அந்த நொடியே முதல் கட்டத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் வேறாகிவிட்டது. பழைய `H`-ஐப் பெருக்கினால் எப்படி ஒத்துப்போகும்?

கணக்கைப் பாருங்கள். தனித்தனி என்று வைத்துப் பெருக்கினால் கீழ்ப்பகுதி இது:

`(s+100)² = s² + 200s + 10000`

நேரடியாக மாட்டிய சர்க்யூட்டுக்கு நோடு ஈக்வேஷன் எழுதினால் வருவது இது:

`s² + 300s + 10000`

அதிகமாக வந்த `100s`-க்குக் காரணம் முதல் ரெசிஸ்டர் இரண்டாவது கெபாசிட்டரையும் சார்ஜ் செய்ய வேண்டியிருப்பது. 15.9 ஹெர்ட்ஸ் என்றால் `s = j100`, அதைப் போடுங்கள். முதலும் கடைசியும் அடிபட்டுப் போகும். மேலே உள்ளதில் 10000/20000, கீழே உள்ளதில் 10000/30000. அதாவது 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.0 வோல்ட். உங்கள் ஸ்கோப் பொய் சொல்லவில்லை.

டைம் டொமைனிலும் இது தெரியும். கீழ்ப்பகுதியின் மூலங்கள் -38.2, -261.8. அந்த 38.2தான் மெதுவாக நகரும் ஆள், அதன் டைம் கான்ஸ்டன்ட் 26 மில்லி செகண்ட். 5 வோல்ட் ஸ்டெப் கொடுத்து 50 மில்லி செகண்ட் கழித்துப் பாருங்கள். தனித்தனிக் கட்டம் என்றால் 4.80 இருக்க வேண்டும், இதில் 4.13தான் இருக்கும். அந்த இழுவையைப் பார்த்தாலே லோடிங் என்று சொல்லிவிடலாம்.

நடுவில் ஒரு 741-ஐ வோல்டேஜ் ஃபாலோயராகப் போடுங்கள், 1.5 வந்துவிடும். ஐசி வேண்டாம் என்றால் இரண்டாவது கட்டத்தை 100 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் ஆக்குங்கள். டைம் கான்ஸ்டன்ட் மாறாது, நடு உறுப்பு 210 ஆகும், 1.43 வரை கிடைக்கும். அப்போது ப்ரோபை பத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். ஒன்றில் வைத்தால் ஸ்கோப்பின் 1 மெகா ஓம் அந்த 100 கிலோவின் தலையில் உட்கார்ந்துவிடும்.

செகண்ட் இயர் பையன்

சார், அது புரிஞ்சது. ஆனா முதல்லயே ஒரு சந்தேகம். கன்வல்யூஷன் ஏன் பெருக்கலா மாறுது? புக்ல இரட்டை இன்டக்ரல் போட்டு, ஆர்டரை மாத்தி, "எனவே நிரூபிக்கப்பட்டது"ன்னு முடிச்சிடறாங்க. ஒவ்வொரு வரியும் சரிதான். படிச்சு முடிச்சா மட்டும் ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி இல்ல.

கணக்கு டீச்சர்

எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் இதை நீ மூன்றாம் வகுப்பிலேயே செய்திருக்கிறாய். 12-ஐ 13-ஆல் பெருக்கு. ஒன்றுகள் 2×3 = 6. பத்துகள் 1×3 + 2×1 = 5. நூறுகள் 1×1 = 1. விடை 156. நடு இலக்கத்தைக் கவனி. எந்த இரண்டு இடங்களைக் கூட்டினால் பத்தாம் இடம் வருமோ, அந்த ஜோடிகளை எல்லாம் பெருக்கிக் கூட்டினோம். இலக்கங்களுக்குள் நடந்தது கன்வல்யூஷன், எண்களுக்குள் நடந்தது வெறும் பெருக்கல். மீதி ஏறும் கணக்கில் இலக்கம் கலங்கிப்போகும், அங்கே 10-க்குப் பதிலாக `x` போட்டுக்கொள். `(x+2)(x+3) = x²+5x+6`. `x`-இன் அடுக்குகள் கூடுவதால்தான் இது நடக்கிறது.

ஓய்வுபெற்ற கன்ட்ரோல் இன்ஜினியர்

டீச்சரம்மா சொன்ன கடைசி வரிதான் விஷயமே. லாப்லாஸில் `x`-இன் அடுக்கு இருந்த இடத்தில் `e^(-sτ)` இருக்கிறது. `τ` என்பது தாமதம். சிக்னல் முதல் கட்டத்தில் 3 மில்லி செகண்ட் தாமதித்து, இரண்டாவதில் 4 தாமதித்தால், மொத்தம் 7. தாமதங்கள் கூடுகின்றன. `e`-இன் அடுக்கில் கூட்டல் என்றால் வெளியே பெருக்கல். 7 வருவதற்கு 3+4 மட்டுமா வழி? 2+5, 1+6 என்று எத்தனையோ. எல்லா வழியையும் சேர்த்துக் கூட்டுவதுதான் கன்வல்யூஷன் இன்டக்ரல்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். இன்புட்டாக `e^(st)` கொடு. அவுட்புட்:

`∫ h(τ) e^(s(t-τ)) dτ = e^(st) · ∫ h(τ) e^(-sτ) dτ`

`t` உள்ள பகுதி வெளியே வந்துவிட்டது. போனது `e^(st)`, திரும்பி வந்ததும் `e^(st)`, ஒரு எண்ணால் பெருக்கப்பட்டு. அந்த எண்தான் `H(s)`. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் லாப்லாஸ் என்று யாரோ உட்கார்ந்து வரையறுத்ததாக நினைக்காதே. இந்த வரியிலிருந்து அது தானாக வந்து விழுகிறது. எந்த இன்புட்டையும் இப்படிப்பட்ட `e^(st)`-களாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெருக்கல், அவ்வளவுதான்.

இது நடக்க, சர்க்யூட் லீனியராக இருக்க வேண்டும், நேரத்தோடு மாறக்கூடாது. கெபாசிட்டர் ஆரம்பத்தில் காலியாகவும் இருக்க வேண்டும். முன்னாலேயே 2 வோல்ட் ஏறியிருந்தால் அவுட்புட்டில் `2e^(-100t)` தனியாக வந்து சேரும், அது `H(s)X(s)`-இல் எங்கும் கிடையாது.

செகண்ட் இயர் பையன்

தாமதம் கூடுதுங்கறது பச்சக்குனு ஒட்டிக்கிச்சு சார். நன்றி. கையோட பைத்தான்ல போட்டுப் பார்த்தேன், ஸ்டெப் ரெஸ்பான்ஸ் 1-க்குப் போகாம 10000-க்குப் போகுது!

லேப் டீச்சர்

`dt`-ஐ விட்டிருப்பாய். `np.convolve` கூட்டல்தான் செய்யும், இன்டக்ரல் அதற்குத் தெரியாது.

```python
import numpy as np
dt = 1e-4
t = np.arange(0, 0.1, dt)
h = 100*np.exp(-100*t)
x = np.ones_like(t)
y = np.convolve(h, x)[:len(t)] * dt
```

இப்போது 1.005 வரும். அந்த 0.005 சதுரங்களால் கூட்டியதன் பிழை, `dt`-ஐக் குறைத்தால் குறையும். யூனிட்டைப் பார்த்தாலே இந்தத் தப்பு மாட்டும்: `h(t)`-இன் யூனிட் ஒன்றின் கீழ் செகண்ட். செகண்டால் பெருக்காமல் வோல்ட் எப்படி வரும்? சில பிள்ளைகள் டைம் டொமைனிலேயே `h(t)`-ஐயும் `x(t)`-ஐயும் பெருக்கிவிடுவார்கள், அதுவும் இதே சோதனையில் பிடிபடும்.

மிக்சிங் ரூம்

சம்பந்தம் இருக்கா தெரியல, நான் ரெக்கார்டிங் ஆள். ஒரு கல்யாண மண்டபத்துல பலூன் வெடிச்சு அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். ஸ்டுடியோவுல அடிச்ச மிருதங்கத்தை அதோட ரிவர்ப் ப்ளக்-இன்ல போட்டா மண்டபத்துல வாசிச்ச மாதிரியே கேக்குது. அப்போ நான் இரண்டு வேவையும் பெருக்கினா போதுமா? எடிட்டர்ல பெருக்கிப் பார்த்தேன், ஒரே கரகரப்பு.

ஓய்வுபெற்ற கன்ட்ரோல் இன்ஜினியர்

சம்பந்தம் இல்லாமலா? உங்கள் பலூன்தான் மண்டபத்துக்கு இம்பல்ஸ். ஆனால் வேவை வேவால் பெருக்கினால் அது மாடுலேஷன், எதிரொலி வராது. ப்ளக்-இன் இரண்டையும் எஃப்எஃப்டி எடுத்து, அங்கே பெருக்கி, திரும்பக் கொண்டுவருகிறது. லாப்லாஸில் `s = jω` கோட்டில் நடக்கும் அதே வேலை. மூன்று செகண்ட் எதிரொலி 48 கிலோ ஹெர்ட்ஸில் 144000 சாம்பிள். நேரடியாகச் செய்தால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 144000 பெருக்கல், செகண்டுக்கு 690 கோடி. அதனால்தான் யாரும் நேரடியாகச் செய்வதில்லை.

மிக்சிங் ரூம்

சரி சார். இதே மாதிரி ஒரு கிட்டார் ஆம்ப்போட டிஸ்டார்ஷனையும் பலூன் கணக்குல பிடிக்கலாமா?

ஓய்வுபெற்ற கன்ட்ரோல் இன்ஜினியர்

ஸ்பீக்கர் பெட்டியைப் பிடிக்கலாம். டிஸ்டார்ஷனைப் பிடிக்க முடியாது, அது லீனியர் இல்லை. சின்னச் சத்தத்துக்கு ஒரு `h`, பெரிய சத்தத்துக்கு வேறு `h` வரும்.

லேப் டீச்சர்

இன்று 741 போட்டுப் பார்த்தோம். ப்ளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை. 1.5-ஐ ஒட்டி வந்தது. 100 கிலோ ஓம் வழியும் சரியாக இருந்தது. ஆனால் பழைய நேரடிச் சர்க்யூட்டில் ஒரு பெஞ்சில் மட்டும் இன்று 1.1 வருகிறது. வயரிங் சரி, ஃப்ரீக்வென்சி சரி.

கரண்ட்காரன்

அதுதான் நான் அன்றைக்கே சொன்ன டாலரன்ஸ்! இரண்டு கெபாசிட்டரும் 0.9 ஆக இருந்தால் 1.1 வருகிறது, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற கன்ட்ரோல் இன்ஜினியர்

இந்தத் தடவை தம்பி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ரெசிஸ்டர் குறைந்திருந்தாலும் அதே 1.1 வரும், அவுட்புட்டை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எல்சிஆர் மீட்டர் இருக்கிறதா மேடம்?

லேப் டீச்சர்

பக்கத்து லேபில் இருக்கிறது, சாவி அவர்களிடம். திங்கட்கிழமைதான் கேட்க முடியும்.