மெயின்ஸ் விருப்பப் பாடம்: மாறிப்போனது, மாற்ற முடியாமல் போனது – உங்கள் அனுபவங்கள்

மருதம்

2024 சிவில் சர்வீசஸ். எழுதியது என் தங்கை. பிரிலிம்ஸ் ஜூன் 16, ரிசல்ட் ஜூலை 1. தேறிவிட்டாள். டி.ஏ.எஃப் நிரப்ப உட்கார்ந்தோம். பெயர், பிறந்த தேதி எல்லாம் முன்பு கொடுத்தபடியே வந்து நின்றன. கீழே இறங்கினால் விருப்பப் பாடம்: ஜியாலஜி. அவள் வருடக்கணக்காகப் படித்தது ஜியாகிரபி.

லாக்-அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். அதேதான். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் இன்னும் எனக்குப் போகவில்லை.

பிப்ரவரியில் வீட்டில் நெட் சரியில்லை என்று ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்திருந்தாள். விவரத்தை எல்லாம் காகிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தாள். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரி. அங்கே இருந்தவர் ஒரு வரி தள்ளித் தேர்ந்தெடுத்துவிட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், அது ஃபைலுக்குள் போய்விட்டது.

போனில் கேட்டோம், மின்னஞ்சல் அனுப்பினோம். மாற்ற இயலாது என்பதுதான் பதில். இருந்தாலும் மெயின்ஸுக்குப் போனாள். கட்டுரை, பொது அறிவு நான்கு தாள்கள், மொழித் தாள்கள் எல்லாம் ஒழுங்காக எழுதினாள். கடைசி நாள் காலையில் ஜியாலஜி முதல் தாள். அதில் நிலவடிவங்கள் பற்றிய பகுதி ஒன்று உண்டு, ஜியாகிரபி படித்தவர்கள் ஓரளவு எழுதலாம். ஆனால் முதல் கேள்வியும் ஐந்தாம் கேள்வியும் கட்டாயம். அவற்றில் பாறை மடிப்பு, புதைபடிவம் என்று பாதிக்கு மேல் அவள் தொடாத விஷயம். மதியம் இரண்டாம் தாள் பெரும்பாலும் கனிமம், பாறை, தாது. அதில் பிடிக்க அதிகம் ஒன்றும் இல்லை.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எந்த இடத்தில் இதைப் பிடித்திருக்கலாம்?

தென்காற்று

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து, பிரிலிம்ஸ் முடிந்த பிறகுதான் மெயின்ஸ் பாடத்தைத் தேர்வு செய்வோம். நான் எழுதிய காலத்தில் பிரிலிம்ஸ் பாஸ் ஆனவர்களுக்குத்தான் மெயின்ஸ் விண்ணப்பமே வரும். அதில்தான் இரண்டு விருப்பப் பாடங்களையும் எழுதுவோம். தபாலில் அனுப்பும் வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். என் அறை நண்பர் ஒருவர் கடைசி நாளில் சோசியாலஜியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். ஏற்கெனவே ஆந்த்ரபாலஜி எடுத்திருந்தார், இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது என்று விதி. அந்த விதி இப்போதும் இருக்கிறது, புதியவர்கள் கவனியுங்கள்.

டி.ஏ.எஃப்பில் மாற்ற முடியவில்லை என்பதை நம்புவது கடினம். சரியான அதிகாரியைப் பிடித்திருந்தால் ஆகியிருக்கும்.

நெடுஞ்சாலை

தென்காற்று ஐயா, நீங்கள் சொல்வது இரண்டு பாடம் இருந்த காலம். 2013-லிருந்து ஒரே விருப்பப் பாடம்தான், தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். ஒன்றே ஒன்று எடுக்கும்போது 'சேர்க்கக் கூடாத ஜோடி'க்கு சிவில் சர்வீசஸில் வேலையே இல்லை. அது இன்னும் உயிரோடு இருப்பது வனப் பணித் தேர்வில். அங்கே இரண்டு பாடம் எடுக்க வேண்டும். கணிதத்தோடு புள்ளியியலையோ, வேதியியலோடு கெமிக்கல் இன்ஜினியரிங்கையோ சேர்க்க முடியாது.

மருதம் கேட்ட கேள்விக்கு: பிடித்திருக்கக்கூடிய இடம் மார்ச். அந்த வருடம் விண்ணப்பம் முடிந்த மறுநாளிலிருந்து 7 நாள் திருத்தத்துக்கென்று திறந்து வைத்தார்கள். அது மூடியதும் பாடமும் மூடியது. டி.ஏ.எஃப் வரும்போது நீங்கள் பார்ப்பது பழைய முடிவின் நகல்தான், புதிய கேள்வி இல்லை. இதில் எந்த அதிகாரியைப் பிடித்தும் பயன் இருந்திருக்காது. ஒருவருக்குத் திறந்தால் ஜூலையில் தேறிய எல்லாருக்கும் திறக்க வேண்டிவரும்.

என் அனுபவம் வேறு மாதிரி. எனக்குத் தெரிந்த பையன், இன்ஜினியரிங் படித்தவன், வரலாறு எடுத்திருந்தான். மீடியம் என்ற இடத்தில் ஆங்கிலம். புத்தகமெல்லாம் தமிழில் படித்ததால், "பொது அறிவை ஆங்கிலத்தில் எழுதுறேன், வரலாற்றை மட்டும் தமிழில் எழுதிக்கலாம் அண்ணே" என்றான். மெயின்ஸுக்கு மூன்று வாரம் முன்னால் சொல்கிறான்! விதியை எடுத்து முன்னால் வைத்தேன். தமிழ் மீடியம் என்று கொடுத்தவர் விருப்பப் பாடத்தை ஆங்கிலத்தில் எழுத வழி உண்டு. ஆங்கில மீடியம் கொடுத்தவர் தமிழில் எழுத வழி இல்லை. கொடுத்த மீடியத்தில் இல்லாத விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. மூன்று வாரமும் உட்கார்ந்து குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றினான்.

இதில் விதிவிலக்கு இலக்கியப் பாடங்கள். தமிழ் இலக்கியம் எடுத்தால் மீடியம் எதுவாக இருந்தாலும் அந்த இரண்டு தாள்களும் தமிழில்தான். அதனால் பாடத்தைச் சரிபார்க்கும்போது மீடியத்தையும் சேர்த்தே பாருங்கள். பாடம் சரியாக இருந்து மீடியம் தவறினாலும் அந்த 500 மதிப்பெண் போனதுதான்.

குறிஞ்சிப்பூ

நான் குரூப் 1 எழுதுகிறேன். விருப்பப் பாடமாகப் பொது நிர்வாகம் வைத்திருக்கிறேன், திருத்தம் செய்யும் நாட்களில் அதை மாற்றலாமா? விண்ணப்பத்தில் அந்தக் கட்டமே எனக்கு வரவில்லை, அதனால் பயமாக இருக்கிறது.

நெடுஞ்சாலை

சகோதரி, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 மெயின்ஸில் இப்போது விருப்பப் பாடமே கிடையாது. தமிழ் தகுதித் தாளும் பொது அறிவுத் தாள்களும்தான். கட்டம் வராதது சரிதான். இங்கே பேசிக்கொண்டிருப்பது யு.பி.எஸ்.சி. பற்றி.

குறிஞ்சிப்பூ

அப்படியானால் பொது நிர்வாகத்துக்கு வாங்கிய புத்தகங்கள்? கோச்சிங்கில் சேரும்போதே வாங்கச் சொன்னார்களே.

செம்மண்

நான் பாடத்தை மாற்றினேன், ஆனால் ஒரே தேர்வுக்குள் இல்லை. முதல் முறை பொது நிர்வாகம், அடுத்த வருட விண்ணப்பத்தில் தமிழ் இலக்கியம். யாரும் எதுவும் கேட்கவில்லை, காரணம் எழுதவும் இடமில்லை. ஒவ்வொரு வருடமும் புது விண்ணப்பம், புது முடிவு. பட்டப்படிப்பில் அந்தப் பாடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2013 மார்ச்சில் இலக்கியப் பாடங்களுக்கு மட்டும் அப்படி ஒரு நிபந்தனை கொண்டுவந்து, தமிழ்நாட்டிலிருந்தும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அதே மாதத்தில் திரும்பப் பெற்றார்கள். அது நடக்காமல் போயிருந்தால் பி.காம் படித்த நான் சங்க இலக்கியப் பக்கமே வந்திருக்க முடியாது.

என் கதை அவ்வளவுதான். இனி நான் சொல்ல வருவது: பாடத்தை முடிவு செய்வது பிப்ரவரியில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை. அதற்கு முன்பே, மனதில் இருக்கும் பாடத்தின் போன வருட முதல் தாளை எடுங்கள். எட்டுக் கேள்வி, இரண்டு பிரிவு. ஒன்றும் ஐந்தும் கட்டாயம், மீதியில் மூன்று, பிரிவுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். இதை மனதில் வைத்து, எந்த ஐந்தை எழுதுவேன் என்று பென்சிலால் குறியுங்கள். கட்டாயக் கேள்விகள் சின்னச் சின்ன உட்பிரிவுகளாக வரும், பாடத்திட்டத்தின் பல மூலைகளைத் தொடும். 'இந்தப் பகுதியை விட்டுவிடலாம்' என்று நினைத்து எடுக்கும் பாடம் இங்கேதான் மாட்டும். பொது நிர்வாகத்தில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இரண்டாம் தாளில் இந்திய நிர்வாகம் சரளமாக வந்தது, முதல் தாளின் கோட்பாட்டுப் பகுதி ஒட்டவே இல்லை. தமிழ் இலக்கியத்தில் இரண்டாம் தாளுக்கு மூல நூல்களையே படிக்க வேண்டும், உரையை மட்டும் படித்துத் தப்பிக்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் நின்றேன். பிடிக்காதவர்களுக்கு அது பெரிய சுமை.

பாடத்தை மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். பழைய பாடத்தில் பொது அறிவுக்கு உதவிய பகுதி உங்களோடு வரும், மீதி வராது. வரலாற்றிலிருந்து இலக்கியத்துக்கு வந்தால் பொது அறிவு முதல் தாள் உங்களைக் கைவிடாது. மற்றவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்து மாற்றாதீர்கள், உங்கள் சொந்த இரண்டு தாள்களின் மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு தாள் மட்டும் விழுந்திருந்தால் பெரும்பாலும் பாடத்தில் கோளாறு இல்லை, அந்தத் தாளின் தயாரிப்பில்தான்.

தென்காற்று

செம்மண் எழுதியது நல்ல விஷயம்தான், ஆனால் மருதம் கேட்டது இதுவா? அந்தப் பெண் பாடத்தைச் சரியாகத்தான் முடிவு செய்திருக்கிறாள். அடுத்தவர் கை தவறியது. அதற்கும் மனமாற்றத்துக்கும் ஒரே விதி என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சேர்க்கக் கூடாத ஜோடி பற்றி நெடுஞ்சாலை சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுத்துப் பிழைக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை

எது கை தவறியது, எது மனம் மாறியது என்று ஜூலையில் எப்படிப் பிரிப்பார்கள்? ஜியாலஜி என்று கொடுத்துவிட்டு, பிரிலிம்ஸ் தேறியபின் ஜியாகிரபி சுலபம் என்று தோன்றுகிறவரும் இதே மின்னஞ்சலைத்தான் எழுதுவார். தாள் அச்சிடுவது, இருக்கை ஒதுக்குவது, திருத்துகிறவர்களை அமர்த்துவது எல்லாம் பாடவாரியான எண்ணிக்கையை வைத்துத்தான் நடக்க வேண்டும். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: தேறியவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் திறந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது.

மருதம், தங்கைக்கு முயற்சிகள் மிச்சம் இருக்கின்றனவா? கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கோளாறு பிரிலிம்ஸுக்கு முன்பே தெரிந்திருந்தால், தேர்வறைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். விண்ணப்பித்தால் மட்டும் முயற்சி கணக்காகாது. பிரிலிம்ஸில் ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலே கணக்காகிவிடும். இதைப் படிக்கும் யாருக்காவது திருத்த நாட்கள் போய், பிரிலிம்ஸ் இன்னும் வராமல் இருந்தால், முடிவெடுக்க அந்த இடைவெளி இருக்கிறது.

மருதம்

பொதுப் பிரிவு, ஆறுதான். இரண்டு மிச்சம் இருந்தது. அடுத்த விண்ணப்பத்தை வீட்டிலேயே போட்டோம். அவள் திரையில் இருப்பதை ஒவ்வொரு வரியாக வாசித்தாள், நான் காகிதத்தில் டிக் அடித்தேன். அனுப்பிய பிறகு பி.டி.எஃப்பை இறக்கி மறுபடி ஒருமுறை. விருப்பப் பாடம், மீடியம், இந்திய மொழித் தாள், மெயின்ஸ் மையம், நான்கையும்.

முயற்சியைத் தவிர்த்திருக்கலாம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அந்த பிரிண்ட் ஜூன் வரை அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அவளிடம் இதைச் சொன்னபோது, "தெரிஞ்சிருந்தாலும் பிரிலிம்ஸுக்குப் போயிருப்பேன் அண்ணா, பொது அறிவு மெயின்ஸை ஒருமுறை உண்மையான ஹாலில் எழுதணும்னு இருந்துச்சு" என்கிறாள். ஒரு முயற்சியைக் கொடுத்து அதை வாங்குவது சரியா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. இப்படித் தெரிந்தே எழுதியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செம்மண்

தெரிந்தே எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு முயற்சி வரம்பு இல்லாத பிரிவு, 37 வயது வரை நேரம் இருந்தது. ஆறே முயற்சி உள்ளவருக்கு அதே யோசனையை நான் சொல்ல மாட்டேன்.