பன்னிரண்டு பங்கு, எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டை: உங்கள் அனுபவம் என்ன?

திண்ணைக்கணக்கன்

சித்தப்பா தன் பங்குப் பட்டியலைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். பன்னிரண்டு பங்குகள், எல்லாவற்றிலும் ஏறக்குறைய சமமான பணம். "ஒண்ணு விழுந்தா பதினொண்ணு தாங்கும்பா" என்று தைரியமாக இருக்கிறார். பட்டியலைத் திறந்தால் ஒன்பது வங்கிகள், மூன்று வீட்டுக்கடன் நிறுவனங்கள். பன்னிரண்டும் கடன் கொடுத்து வட்டி வாங்கிப் பிழைப்பவை.

வாராவாரம் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று எடுத்து, ஜோடி ஜோடியாகக் கோரிலேஷன் போட்டேன், அதாவது இரண்டும் எந்த அளவு சேர்ந்தே ஆடுகின்றன என்ற எண், முழுக்கச் சேர்ந்து ஆடினால் 1. மொத்தம் 66 ஜோடி, பெரும்பாலானவை 0.8ஐ ஒட்டியே நின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கமும் சுமார் 30%. எல்லாவற்றிலும் சமமான பணம், ஏற்ற இறக்கமும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பட்டியலின் ஆட்டத்தை இப்படிப் போடலாம்:

```
σ_p = σ × √(ρ + (1 − ρ)/n)
```

σ ஒரு பங்கின் ஏற்ற இறக்கம், ρ சராசரி கோரிலேஷன், n எத்தனை பங்கு. ஒரே பங்கு வைத்திருந்தால் 30%. பன்னிரண்டு வைத்திருப்பதால் 27.1%. சரி, இன்னும் வங்கிகளாகவே வாங்கி நூறு ஆக்கினால்? 26.9%. அவ்வளவுதான் இறங்குகிறது. அதுவே கோரிலேஷன் 0.2 உள்ள வெறும் நான்கு பங்குகள் என்றால் 19%க்கு வந்துவிடுகிறது.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னால் சூத்திரத்தையே சந்தேகப்படுகிறார். இப்படி யாருக்காவது எடுத்துச் சொன்ன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

நாலாம்வரிசை

20 பங்கு வைத்திருந்தால் போதும், அதற்கு மேல் ரிஸ்க் பெரிதாகக் குறையாது என்று எல்லா இடத்திலும் படித்திருக்கிறேனே. உங்கள் சித்தப்பாவுக்கு இன்னும் எட்டுதான் குறைகிறது. இதற்கு ஏன் இத்தனை கணக்கு?

பழையகணக்கு

அந்த இருபது கணக்கு பொய்யில்லை, ஆனால் சந்தை முழுவதிலிருந்தும் கலந்து எடுத்த இருபதுக்கு அது. மேலே உள்ள சூத்திரத்திலேயே பதில் இருக்கிறது. வர்க்கமூலத்துக்குள் இரண்டு துண்டு. இரண்டாவது துண்டு n-ஆல் வகுபடுகிறது, பங்கு கூடக்கூட அது கரைந்துபோகும். அது ஒரு கம்பெனிக்கு மட்டும் நேரும் கெடுதல்: மேனேஜர் மோசடி, கணக்கில் ஓட்டை, ஒரு பெரிய கடன் வராமல் போவது. முதல் துண்டான ρ எதாலும் வகுபடுவதில்லை. 0.8 என்றால் நூறு பங்கு வாங்கினாலும் 26.8%க்குக் கீழே இறங்கவே இறங்காது.

ஆகவே சித்தப்பா சொன்னதில் பாதி சரி. ஒரு வங்கி தன் சொந்தத் தவறால் படுத்தால் மற்ற பதினொன்றும் தாங்கும். பன்னிரண்டுக்கும் பொதுவான ஒன்று அடித்தால் தாங்காது. 2023 மார்ச் 10ஆம் தேதி சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது, இரண்டு நாளில் சிக்னேச்சர் பேங்க், மே 1 அன்று ஃபர்ஸ்ட் ரிபப்ளிக். வாடிக்கையாளர்கள் வேறு வேறு ஆட்கள். முதல் வங்கியில் டெக்னாலஜி கம்பெனிகள், கடைசி வங்கியில் வசதியான குடும்பங்கள். ஆனால் இந்த இரண்டும் வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது நீண்டகாலத்துக்குப் பணத்தை முடக்கியவை, ஒன்று பத்திரங்களில், மற்றது வீட்டுக்கடன்களில். 2022இல் வட்டி மளமளவென ஏறியதும் அவற்றின் மதிப்பு சரிந்தது. மூன்று வங்கியிலும் காப்பீட்டு வரம்பான இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டிய டெபாசிட்டுகள் அதிகம், அதனால் ஜனங்கள் ஓடிவந்து எடுத்தார்கள். மூடப்படாத மற்ற பிராந்திய வங்கிகளின் பங்குகளும் அந்த மார்ச்சில் சேர்ந்தே விழுந்தன. அப்போது அந்த மாதிரிப் பங்குகள் பன்னிரண்டு வைத்திருந்தவரை எண்ணிக்கை காப்பாற்றியிருக்காது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952இலேயே சொன்னார்: அறுபது ரயில்வே பங்குகள் வைத்திருப்பதைவிட, அதே அளவு பணத்தை ரயில்வே, சுரங்கம், உற்பத்தி என்று கலந்து போட்டால்தான் பரவல்.

மஞ்சள்குடை

நான் மூன்று புரோக்கரிடம் பிரித்து வைத்திருக்கிறேன், அதனால் எனக்கு இந்தப் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன்.

பழையகணக்கு

புரோக்கர் ஓடிப்போனால் அது உதவலாம். பங்கு விழுந்தால் மூன்று இடத்திலும் சேர்ந்துதான் விழும்.

செல்விஅக்கா

பங்கு நேரடியாக வாங்குவதில்லை, எனக்கு ஐந்து ஃபண்டுகள். பெயரெல்லாம் வேறு வேறு, நடத்துகிற கம்பெனியும் வேறு. ஒரு நாள் பொழுது போகாமல் ஐந்தின் மாத அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்திலும் முதல் பத்து இடத்தில் ஏறக்குறைய அதே பெரிய கம்பெனிகள், வரிசைதான் மாறியிருந்தது. ஐந்து பேருக்குக் கட்டணம் கொடுத்து ஒரே பொருளை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது இரண்டாகக் குறைத்துவிட்டேன். ரிஸ்க் குறைந்ததா தெரியவில்லை, அறிக்கை படிக்கும் வேலை குறைந்தது.

தூரல்நின்றது

சந்தேகம். நானும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு மருந்துக் கம்பெனிக்கும் ஒரு சிமென்ட் கம்பெனிக்கும் 0.94 வருகிறது. சம்பந்தமே இல்லாத தொழில்கள், இப்படி வந்தால் பிறகு எதை நம்பி வாங்குவது?

திண்ணைக்கணக்கன்

விலையை அப்படியே கொடுத்துவிட்டீர்கள் போல. பல வருஷமாகச் சீராக மேலே போன இரண்டு பங்கின் விலையைக் கொடுத்தால் 0.9க்கு மேல்கூட வரலாம், இரண்டும் மேல்நோக்கிப் போனது என்பதைத்தான் அது காட்டுகிறது. வாராந்திர மாற்றத்தை முதலில் எடுங்கள், பிறகு அதற்குப் போடுங்கள். B, C இரண்டிலும் விலை இருந்தால்:

```
D3:  =B3/B2-1
E3:  =C3/C2-1
     =CORREL(D3:D150,E3:E150)
```

தூரல்நின்றது

0.31 வருகிறது! அப்படியானால் ஒன்று விழும்போது மற்றது ஏறும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழையகணக்கு

இல்லை, அதற்கு மைனஸில் வரவேண்டும், பங்குகளுக்குள் நீண்டகாலத்துக்கு அப்படி அமைவது அபூர்வம். 0.31 என்றால் தன் சராசரியிலிருந்து ஒன்று விலகும் வாரத்தில் மற்றது லேசாகத்தான் கூட வருகிறது என்று பொருள். சராசரி எந்தப் பக்கம் போகிறது என்று கோரிலேஷன் சொல்வதே இல்லை. இரண்டும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே இருந்தாலும் கோரிலேஷன் பூஜ்யமாக இருக்கலாம். ஆகவே குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு சோதா பங்கை வாங்கிவிடாதீர்கள்.

நாலாம்வரிசை

இத்தனையும் போட்டு என்ன பயன்? 2020 மார்ச்சில் மருந்து, சிமென்ட், வங்கி எல்லாமே ஒரே வாரத்தில் விழுந்தன. உங்கள் 0.3 அங்கே எங்கே போனது?

பழையகணக்கு

இது நியாயமான கேள்வி. பதற்றத்தில் எல்லோரும் கிடைத்ததை விற்கும்போது கோரிலேஷன் எகிறும், 2008லும் அதுதான் நடந்தது. பங்குகளுக்குள் மட்டும் கலந்தால் அந்த நேரத்தில் பெரிய பாதுகாப்பு கிடையாது. பத்திரம் சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். 2022இல் வட்டி ஏறியபோது அமெரிக்காவில் பங்கும் பத்திரமும் சேர்ந்தே இறங்கின. இருந்தாலும் விழுந்தபின் எழுவதில் துறைக்குத் துறை வித்தியாசம் இருக்கிறது, அதற்காகவாவது கலப்பேன்.

திண்ணைக்கணக்கன்

சித்தப்பாவிடம் இன்று மறுபடி பேசினேன். "எனக்கு வங்கித் தொழில்தான் தெரியும், தெரியாத மருந்துக் கம்பெனியை வாங்கி ரிஸ்க்கைக் குறைக்கச் சொல்கிறாயா?" என்கிறார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆறு வங்கியை விற்க மட்டும் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் அவருக்கு ஏற்ற இறக்கத்தில் பெரிய வித்தியாசம் வராது, சூத்திரப்படி 27.1 என்பது 27.4 ஆகும், கையில் வரும் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் இழுபறி.

இன்னொன்று, இதை அனுபவசாலிகள் யாராவது சொல்லுங்கள். 2020 மார்ச் வாரங்களைச் சேர்த்துப் போட்டால் ஒரு எண் வருகிறது, அதை விட்டுவிட்டுப் போட்டால் வேறு எண். நீங்கள் எத்தனை வருஷத் தரவு எடுக்கிறீர்கள்?