வங்கிச் செயலியில் ‘முடக்கு’, ‘வெளிநாட்டில்’: மாற்றுச் சொல் தேவை

உமா எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு வங்கிச் செயலியின் தமிழ்ச் சொற்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கார்டைத் தேர்ந்தெடுத்ததும் வரும் ஒரு திரையில் இரண்டு தாவல்கள் உள்ளன. ஒன்று உள்நாட்டுக்கு, மற்றது வெளிநாட்டுக்கு. ஒவ்வொன்றிலும் ஏடிஎம், கடையில் உள்ள கார்டு மெஷின், ஆன்லைன், தொடாமல் செலுத்துவது என நான்கு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஆன், ஆஃப் செய்ய ஒரு பொத்தானும், தொகை வரம்பைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தியும் இருக்கின்றன.

பழைய மொழிபெயர்ப்பில் ஆஃப் என்பதற்கு ‘முடக்கு’ என்றும், இரண்டாம் தாவலுக்கு ‘வெளிநாட்டில் பயன்பாடு’ என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் வாடிக்கையாளர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று உதவி மையத்திலிருந்து சொல்கிறார்கள். திரைக்கு ஒரு பெயர், பொத்தானுக்கு ஒரு சொல், தாவலுக்கு ஒரு சொல் வேண்டும். தாவலில் இடம் மிகக் குறைவு.

---

அறவாழி எழுதியது:

உமா அம்மாவுக்கு வணக்கம். திரைக்கு ‘அட்டை ஆளுகை’ என்று வைக்கலாம். சுருக்கமாகவும் இருக்கிறது, நல்ல தமிழாகவும் இருக்கிறது. ‘முடக்கு’ என்பதில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. செயல்படாமல் செய்வதுதானே முடக்குதல்? ‘வெளிநாட்டில் பயன்பாடு’ என்பதும் சரிதான். பயணம் போகிறவர் கிளம்புவதற்கு முன் திறந்துவிட்டு, திரும்பியதும் மூடுவதற்காக உள்ள வசதி அது. ‘வெளிநாட்டில்’ என்பதைப் ‘பன்னாட்டு’ என்று மாற்றினால் இன்னும் செறிவாக இருக்கும், அவ்வளவே.

---

செபாஸ்டின் எழுதியது:

இதைப் பற்றியே கேட்க நினைத்தேன். என் கார்டைக் காணவில்லை. செயலியில் போய் உள்நாடு, வெளிநாடு இரண்டிலும் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டேன். ‘முடக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. இது போதும்தானே? புதிய கார்டு தானாக வீட்டுக்கு வருமா?

---

இரவிச்சந்திரன் எழுதியது:

செபாஸ்டின், போதாது. இந்த மடலைப் படித்ததும் அதே செயலியில் கார்டை நிரந்தரமாக பிளாக் செய்யும் பகுதிக்குப் போங்கள், அல்லது வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்துத் தொலைந்ததாகப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்திருப்பது கார்டின் வழிகளை மூடியது மட்டும். அந்த கார்டு எண் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. செயலிக்குள் யார் நுழைந்தாலும் மறுபடி திறந்துவிடலாம். கார்டு தொலைந்த விவரமும் வங்கிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் புதிய கார்டும் வராது. அனுமதி இல்லாமல் பணம் போய்விட்டால் யார் பொறுப்பு என்பதை, நீங்கள் எவ்வளவு சீக்கிரம் வங்கிக்குத் தெரிவித்தீர்கள் என்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆஃப் செய்ததை யாரும் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அறவாழி ஐயா, ‘முடக்கு’ ஏன் ஆகாது என்பதற்கு செபாஸ்டினின் கேள்வியே சாட்சி. கார்டு பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நான் மூன்று நிலைகளைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு வழியை மட்டும் மூடி, வேண்டும்போது திறப்பது ஒன்று. கார்டு முழுவதையும் தற்காலிகமாகப் பூட்டி வைப்பது இன்னொன்று. எண்ணையே செயலிழக்கச் செய்து வேறு கார்டு வாங்குவது மூன்றாவது. அதில் திரும்பி வரும் பாதை கிடையாது. செய்தித்தாள்களில் ‘வங்கிக் கணக்கு முடக்கம்’ என்று படித்துப் பழகியவருக்கு ‘முடக்கு’ என்றால் எல்லாமே நின்றுவிட்டது என்றுதான் தோன்றும். மூன்று நிலைக்கும் மூன்று சொல் வேண்டும். முதலாவதற்கு ‘நிறுத்திவை’, இரண்டாவதற்கு ‘பூட்டு’, மூன்றாவதற்கு ‘நிரந்தரத் தடை’ என்பது என் முன்மொழிவு.

இந்தப் பொத்தான்களின் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேட அது உதவும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. புதிதாகக் கொடுக்கும் கார்டு, உள்நாட்டு ஏடிஎம்மிலும் கார்டு மெஷினிலும் நேரடியாகச் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்க வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் செலுத்துவது ஆகியவற்றை வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். ஏற்கெனவே கையில் உள்ள கார்டில் இவற்றில் எதையாவது ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்காவிட்டால் அதை வங்கியே மூடிவிட வேண்டும். திறக்கவும் மூடவும் வரம்பை மாற்றவும் எந்த நேரமும் வசதி இருக்க வேண்டும், நிலை மாறும்போதெல்லாம் தகவல் அனுப்ப வேண்டும். அதனால்தான் புதிய கார்டு வாங்கிய பலர் முதல் ஆன்லைன் முயற்சியிலேயே ‘கார்டு வேலை செய்யவில்லை’ என்று வங்கிக்கு அழைக்கிறார்கள். கார்டில் பழுது இருக்காது, வழி திறந்திருக்காது.

---

செபாஸ்டின் எழுதியது:

நிரந்தரமாக பிளாக் செய்துவிட்டேன். புகார் எண் வந்துவிட்டது. நன்றி ஐயா.

---

பாத்திமா எழுதியது:

தாவல் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வெளிநாடு போனதே இல்லை. அதனால் ‘வெளிநாட்டில் பயன்பாடு’ என்பதை ஆஃப் செய்து வைத்திருந்தேன். மாதாமாதம் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஓர் ஆன்லைன் சேவைக்குப் பணம் கட்டுகிறேன். விலை ரூபாயில்தான். ஆஃப் செய்த பிறகு அந்தப் பணம் போகவில்லை. உள்நாட்டு ஆன்லைன் திறந்தே இருந்தது, கணக்கில் பணமும் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து ரூபாயில் கட்டுவது எப்படி வெளிநாட்டுப் பயன்பாடு ஆகும்? செயலியில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

---

இரவிச்சந்திரன் எழுதியது:

கோளாறு இல்லை அம்மா. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை. ரூபாயா டாலரா என்றும் பார்ப்பதில்லை. பணத்தைப் பெறும் வணிகர் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறார் என்ற விவரம் ஒவ்வொரு கோரிக்கையோடும் வருகிறது. அது வேறு நாடு என்றால் கோரிக்கை இரண்டாம் தாவலுக்குப் போய்விடும். விலையை ரூபாயில் காட்டுவது அந்த வணிகர் செய்து தரும் ஒரு வசதி, அவ்வளவுதான். வெளிநாட்டுக் கடையில் ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா’ என்று மெஷின் கேட்கும்போதும் இதே நிலைமைதான். ரூபாயைத் தேர்ந்தெடுத்தாலும் அது வெளிநாட்டுத் தாவலின் கணக்கில்தான் சேரும்.

உங்கள் வங்கி எஸ்எம்எஸ்ஸிலோ, மறுக்கப்பட்ட பரிவர்த்தனைகளின் பட்டியலிலோ காரணத்தைப் பாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்ற பொருளில் இருந்தால் பொத்தான் ஆஃப். ‘வரம்பு மீறியது’ என்றால் நகர்த்தி. கார்டு மெஷின் ரசீதில் எண் மட்டும் வந்தால், பொதுவாக 57 என்பது முதலாவது, 61 என்பது இரண்டாவது, பணம் போதவில்லை என்றால் 51. சில வங்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 05 என்று அனுப்பிவிடுவதும் உண்டு. அப்போது செயலியைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

அறவாழி ஐயா, ‘வெளிநாட்டில்’ என்ற அந்த ‘இல்’தான் பாத்திமா அம்மாவைத் தவறான பக்கம் திருப்பியது. பயணம் போகாதவர் இதை மூடி வைப்பது நல்ல பழக்கம்தான். வெளிநாட்டு வணிகர் ஓடிபி கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், கார்டு எண்ணும் சிவிவியும் திருடியவருக்கு அந்த வழி எளிது. ஆனால் எதை மூடுகிறோம் என்று தெரிந்து மூட வேண்டும்.

---

அறவாழி எழுதியது:

வணிகரின் நாடு என்பது எனக்குப் புதிய செய்தி. ‘இல்’ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ‘அயல்நாட்டுப் பெறுநர்’ என்று வைக்கலாமே? பெறுகிறவர் யார் என்பது சொல்லிலேயே வந்துவிடும். ஆனால் ‘நிறுத்திவை’ எனக்கு ஒட்டவில்லை. எதிர்ச்சொல் என்ன? ‘நிறுத்திவை’க்கு ‘தொடர்’ என்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாகப் பொருள் வருகிறது. புதிய கார்டில் எதுவும் ஓடவே இல்லையே. ‘திற, மூடு’ என்று இரண்டிரண்டே எழுத்தில் முடிக்கலாம். நீங்களும் உங்கள் மடல் முழுவதும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

---

உமா எழுதியது:

‘திற, மூடு’ எனக்குப் பிடித்திருக்கிறது, பொத்தானிலும் அடங்கும். ‘அயல்நாட்டுப் பெறுநர்’ தாவலில் அடங்கவில்லை. ஏடிஎம் வரிக்கு ‘பெறுநர்’ பொருந்தவும் இல்லை, அங்கே பணம் பெறுவது நாம்தானே. தாவலில் வெறும் ‘உள்நாடு’, ‘வெளிநாடு’ என்று வைத்து, அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்க்கிறேன்: ‘நீங்கள் இருக்கும் இடம் அல்ல, கடை அல்லது ஏடிஎம் உள்ள நாடு. ரூபாயில் கட்டினாலும் வெளிநாட்டு இணையக் கடை இதில் சேரும்.’

திரைப் பெயருக்கு ‘ஆளுகை’யைவிட ‘கார்டு வழிகள்’ எளிது என்று படுகிறது. நகர்த்திக்கு வெறும் ‘வரம்பு’ போதுமா?

---

இரவிச்சந்திரன் எழுதியது:

போதாது. ஆன்லைன் வரி நாள் கணக்கில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 20,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார். காலையில் 14,000 கட்டினார், போய்விட்டது. மாலையில் 8,000 கட்டினால் மறுக்கப்படும். ‘20,000 வைத்திருக்கிறேன், 8,000 போகவில்லை’ என்று அழைப்பார். அன்றைய மொத்தம் 22,000 ஆகிறது என்பது அந்தத் திரையில் எங்குமே தெரியாது. எனவே ‘நாள் வரம்பு’ என்று எழுதி, அன்று மீதமுள்ள தொகையையும் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள்.

தொடாமல் செலுத்தும் வரியில் வேறு சிக்கல். 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் கட்டலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சம். அதற்கு மேல் மெஷின் பின் எண் கேட்கும். உங்கள் நகர்த்தி அதற்குள் வாடிக்கையாளர் வைக்கும் சொந்த வரம்பு. அது ஒவ்வொரு முறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2,000 என்று வைத்துவிட்டு 3,000 ரூபாய்க்கு கார்டைக் காட்டினால் மறுக்கப்படும். அதே கார்டை அதே மெஷினில் செருகிப் பின் எண் போட்டால் போய்விடும், ஏனென்றால் அது கார்டு மெஷின் வரியின் கணக்கு. இந்த வேறுபாட்டை வைத்தே எந்த வரி தடுத்தது என்று கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இந்த வரியில் ‘ஒருமுறை வரம்பு’ என்றா ‘நாள் வரம்பு’ என்றா எழுத வேண்டும் என்பதை வங்கியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி மாறும்.

---

உமா எழுதியது:

கேட்டு எழுதுகிறேன் ஐயா. அந்த வரியின் பெயர்தான் இன்னும் முடியவில்லை. ‘தட்டிச் செலுத்தல்’ என்று வைத்தால், செயலி முழுவதும் ‘இங்கே தட்டவும்’ என்று திரையைத் தொடுவதற்கு எழுதியிருக்கிறார்கள், அதோடு குழம்பும். ‘தொடுகையில்லா’ என்றால் முதியவர்களுக்குப் புரியவில்லை.

---

பாத்திமா எழுதியது:

என் அம்மா ‘கார்டைக் காட்டிக் கட்டுவது’ என்கிறார். செருகுவது ஒன்று, காட்டுவது இன்னொன்று. அவருக்கு இரண்டும் தெளிவாக இருக்கிறது.

என் சேவைக்கும் பணம் போய்விட்டது. வெளிநாடு தாவலில் ஆன்லைனை மட்டும் திறந்து, மாதக் கட்டணத்துக்குச் சற்று மேலே வரம்பு வைத்தேன். ஏடிஎம், கார்டு மெஷின், காட்டிக் கட்டுவது மூன்றும் மூடியே இருக்கின்றன.

---

அறவாழி எழுதியது:

‘காட்டிக் கட்டுதல்’ பேச்சுக்குச் சரி. ஆனால் ‘காட்டுதல்’ என்றால் கண்ணால் பார்க்கக் கொடுப்பது. மெஷினுக்கு அருகில் கொண்டுபோவதை அது சொல்லவில்லை. ‘அருகுச் செலுத்தல்’ என்பதையும் உமா அம்மா சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

உமா எழுதியது:

இரண்டையும் வாடிக்கையாளர்களிடம் காட்டிப் பார்க்கிறேன். அதுவரை அந்த வரியில் ‘கார்டைச் செருகாமல் கட்ட’ என்று போட்டு வைக்கிறேன். மற்றவற்றில் ‘கார்டு வழிகள்’, ‘திற, மூடு’, ‘பூட்டு’, ‘நிரந்தரத் தடை’, ‘நாள் வரம்பு’ ஆகியவை இந்த வாரம் போகின்றன. ‘மூடு’ பொத்தானின் கீழே ‘கார்டு தொலைந்திருந்தால் இது போதாது’ என்று எழுதி, நிரந்தரத் தடை பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்துவிட்டேன்.