விபத்து அறிக்கையில் எந்தக் கையெழுத்து எதற்கு?

முருகேசன்: பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் நசுங்கிவிட்டது. அறிக்கையில் ஷிப்ட் சூப்பர்வைசர், பாதுகாப்பு அதிகாரி, துறைத் தலைவர், ஆலை மேலாளர் என்று நான்கு கட்டங்கள். காரணம் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று சூப்பர்வைசர் ஏற்கெனவே எழுதிவிட்டார். பாதுகாப்பு அதிகாரியாக நான் கையெழுத்துப் போட்டால் அதையும் ஒப்புக்கொண்டதாகுமா?

சேகர்: ஆகாது சார். மேலொப்பம் என்றால் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வசந்தா: காரணத்தைப் பொறுத்தவரை சேகர் சொல்வது துறைத் தலைவருக்கு வேண்டுமானால் பொருந்தும், முருகேசனுக்குப் பொருந்தாது. சூப்பர்வைசர் கையெழுத்து நேரம், இடம், முதலுதவி, இயந்திரத்தை நிறுத்தியது ஆகியவற்றுக்கு மட்டும்தான். காரணம் எழுதுவது அவர் வேலையே இல்லை. பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டால், காரணத்தை விசாரித்து, சான்றுகளோடு ஒத்துப்பார்த்தேன் என்று ஆகிவிடும். கை குறுக்கே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டன் அன்று வேலை செய்ததா? அதைச் செயலிழக்க வைக்கும் பைபாஸ் சாவி யாரிடம் இருந்தது? பராமரிப்புப் பதிவேட்டில் கடைசியாக எப்போது சோதித்ததாக இருக்கிறது?

முருகேசன்: சாவி பேனலிலேயே செருகி இருந்தது. டை மாற்றும்போது பைபாஸ் செய்யச் சொன்னதே சூப்பர்வைசர்தான் என்கிறார் ஆபரேட்டர்.

வசந்தா: அப்படியென்றால் சூப்பர்வைசர் நடந்ததைச் சொல்லும் சாட்சி. அவரே காரணத்தையும் முடிவு செய்தால் அறிக்கை அங்கேயே கெட்டுவிடும். அவர் எழுதியதை அடிக்காதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். 'காரணத்தில் உடன்படவில்லை, இணைப்பைப் பார்க்க' என்று எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்திடுங்கள். முன்தேதி மட்டும் போடவே போடாதீர்கள்.

ஜெரால்டு: எங்கள் மருத்துவமனையில் நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால் நர்சுதான் அறிக்கை எழுதுவார். ஏழு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் கட்டிலின் உடைந்த தடுப்புக் கம்பியை இன்னும் யாரும் மாற்றவில்லை.

வசந்தா: அதற்குத்தான் துறைத் தலைவரின் கட்டம். சாவியை வேறு இடத்தில் பூட்டி வைப்பேன், இன்ன தேதிக்குள் இன்னாரை வைத்துச் செய்வேன் என்பதற்கு அவர் பொறுப்பேற்கிறார். பணத்துக்கும் இயந்திரத்தை நிறுத்துவதற்கும் மேலாளர் ஒப்புதல் தருகிறார். வேலை முடிந்ததை நேரில் பார்த்த பிறகு போடுகிற முடிப்புக் கையெழுத்து தனி. நிறைய ஆலைகளில் ஒப்புதலையும் முடிப்பையும் ஒரே நாளில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அறிக்கையை நான் நம்புவதில்லை.

சேகர்: இவ்வளவு பார்த்தால் அரசுக்கு அறிவிப்பு எப்போது போகும்?

வசந்தா: அது வேறு தாள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் மேலாளர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவிலேயே இருந்தது. அதற்காக விசாரணை முடியும் வரை காத்திருக்கக் கூடாது.

சேகர்: சரி, அதை ஏற்கிறேன். ஆனால் காயம்பட்டவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் யூனியன் கேட்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. வலியில் இருக்கும்போது எதை நீட்டினாலும் போட்டுவிடுவார்.

முருகேசன்: தன் வாக்குமூலத்துக்கு மட்டும் போடட்டுமே, அதுவும் படித்துக் காட்டிய பிறகு. இப்போதைக்குச் சாவியையும் பதிவேட்டையும் படம் எடுத்து இணைக்கிறேன்.

சேகர்: படித்துக் காட்டப் போவது யார், அந்த சூப்பர்வைசரா?