சித்திரை வெயிலில் நாட்டுக்கோழி முட்டைக்குள் ரத்த நரம்பு: உங்கள் அனுபவம் என்ன?

உச்சிப்புளியிலிருந்து:
வீட்டில் 18 பேடு, 2 சேவல். போன சித்திரையில் ஐந்து நாள் முட்டையைச் சேர்த்து, முப்பதை டீக்கடைக்குக் கொடுத்தேன். மறுநாள் கடைக்கார அண்ணன், "தங்கச்சி, நாலு முட்டையில ரத்த நரம்பு ஓடுது, ஆம்லெட் கேட்டவர் எழுந்து போயிட்டார்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே, ஓலைப்பெட்டியில்தான் வைத்திருந்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

கீழக்கரையிலிருந்து:
தண்ணீரில் போட்டுப் பாருங்கள் அக்கா. மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது. நான் எல்லா முட்டையையும் அப்படிப் பார்த்துத்தான் விற்கிறேன்.

தொண்டியிலிருந்து:
தம்பி சொல்வது பாதி சரி. முட்டை பழசாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். ஆனால் கரு ஓடிய நாலு நாள் முட்டை மூழ்கித்தான் கிடக்கும். அதோடு, நனைத்தால் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும், சீக்கிரம் கெடும். நனைத்த முட்டையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கோடைச் சூடே கரு வளரப் போதும், அடைக்கோழி தேவையில்லை. நான் காலை, மதியம், மாலை என்று மூன்று நேரமும் எடுத்துவிடுவேன். தேதியைப் பென்சிலால் எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி ட்ரேயில் அடுக்கி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைப்பேன். விற்கும் முன் இருட்டறையில் டார்ச் முனையில் மொட்டை முனையை வைத்துப் பார்ப்பேன். நல்ல முட்டை ஒரே மாதிரி மஞ்சளாக ஒளிரும். கரு ஓடியிருந்தால் நடுவே கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலச் சிவப்பு நூல்கள். மயிரிழைக் கீறலும் அப்போதே தெரியும். கீறியதை அன்றே வீட்டில் சமைத்துவிடுவோம். மீதியைப் பெரிது, சிறிது என்று பிரித்துக் கொடுப்பேன்.

விற்பனைக்கு மட்டும்தான் என்றால் சேவலைத் தனியாக அடையுங்கள். ஆனால் அடைத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கருமுட்டை வரும்.

பாம்பனிலிருந்து:
என் அடைக்கோழிக்குப் 12 முட்டை வைத்தேன், ஐந்துதான் பொரித்தது. அதற்கும் டார்ச் பார்க்கலாமா?

தொண்டியிலிருந்து:
பார்க்கலாம், ஏழாம் நாள். இங்கே கேள்வி விற்கிற முட்டையைப் பற்றி.

தேவிபட்டினத்திலிருந்து:
எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. கருவாட்டு மூட்டை இருந்த அறையிலேயே ட்ரேயை வைத்தோம். ஒரு வாரத்தில் அவித்த முட்டையில் நெத்திலி வாடை. ஓட்டில் இருக்கும் நுண்துளை வழியாக வாடை உள்ளே போய்விடுகிறது. இப்போது முட்டை பிரிட்ஜில்தான்.

தொண்டியிலிருந்து:
பிரிட்ஜ் நல்லதுதான், கரு வளராது. ஆனால் கடற்காற்றில் வெளியே எடுத்ததும் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு அழுக்கு உள்ளே இறங்கும். கடைக்காரரும் பிரிட்ஜில் வைத்தால்தான் பலன். அவர் வெளியில் அடுக்கினால் வேண்டாம் என்பேன்.

தேவிபட்டினத்திலிருந்து:
எங்கள் கடைக்காரர் வெளியில்தான் வைக்கிறார். இரண்டே நாளில் விற்றுவிடுகிறது, இதுவரை குறை வரவில்லை.

உச்சிப்புளியிலிருந்து:
நேற்று இரவு டார்ச் அடித்தேன். 26-இல் மூன்றில் அந்தச் சிவப்பு நூல் அப்படியே தெரிந்தது. மூன்றும் கூரைக்குக் கீழே இருந்த பழைய பெட்டியில் விட்டுப்போனவை. சேவல் இரண்டையும் இன்று காலை அடைத்துவிட்டேன்.